ஒரு மெயில், ஐந்து திருத்தக்காரர்கள்

“விலையைத் தலைப்பிலேயே போடுங்க” என்று ஒருவர். “தலைப்பில் விலை வரவே கூடாது” என்று இன்னொருவர். “அஞ்சு வரிக்கு மேல யார் படிக்கிறாங்க?” என்று மூன்றாமவர் எழுதியதற்கு நேர் கீழே, “மோட்டார் விவரம் ஏன் இல்லை?” என்று நான்காமவர். ஐந்தாமவர் எதையும் வெட்டவில்லை, சேர்க்கவும் இல்லை. ஒரே ஒரு சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு, “இதுக்கு யார் பொறுப்பு?” என்று மட்டும் கேட்டிருந்தார்.

கோவையில் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் விளம்பர வாசகங்கள் எழுதுவது என் வேலை. தீபாவளிக்கு முன்னால் ஒரு புதிய டேபிள் டாப் கிரைண்டரை அறிமுகப்படுத்தினோம். பழைய வாடிக்கையாளர்கள் 18,000 பேருக்கு அதைச் சொல்லும் மெயில்தான் இது. கடை வாசல் பேனரில் தப்பு இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிவிடலாம். 18,000 பேருக்குப் போய்விட்ட மெயிலை ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் முதலாளி, விற்பனை மேலாளர், டிசைன் இன்ஜினீயர், சர்வீஸ் பிரிவு அக்கா, கணக்குப் பிரிவு சார் என்று ஐந்து பேர் பார்த்த பிறகே அனுப்புவது என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். புதன்கிழமை மாலை எண்ணிப் பார்த்தால் மொத்தம் 43 குறிப்புகள்.

இப்படி வரும்போது கை பரபரக்கும். முதல் குறிப்பிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போகலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஒருவர் சேர்க்கச் சொன்னதை அடுத்தவருக்காக வெட்டி, மூன்றாமவருக்காக மறுபடி சேர்த்து, கடைசியில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவது போன்ற மெயில் கிடைக்கும். ஒரு வரியில் “நீங்கள்” என்றிருக்கும், அடுத்த வரியில் “வாடிக்கையாளர்கள்” என்றிருக்கும். விலை மூன்று இடத்தில் வரும். சத்தமாக வாசித்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நான் மெயிலைத் தொடாமல் ஒரு நோட்டை எடுத்தேன். 43 குறிப்புகளையும், சொன்னவர் பெயரோடு, எந்த வரியைப் பற்றி என்று பார்த்து எழுதினேன். அரை மணி நேர வேலை. எழுதி முடித்ததும் ஒன்று தெரிந்தது: பாதிக்கு மேல் இரண்டே வரிகளைப் பற்றியவை.

முதல் வரி, முதலாளியே சொல்லிக் கொடுத்தது: “இந்தியாவிலேயே முதல் முறையாக, சாய்க்கும் கிரைண்டர்!” இரண்டாவது, விற்பனைப் பிரிவின் நோட்டீஸிலிருந்து வந்தது: “5 வருட வாரண்டி, குறுகிய காலச் சலுகை விலையில்!”

ஒரே வரியை நாலு பேர் நாலு விதமாகத் திருத்தினால், நாலு திருத்தமும் சரியில்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த வரியில் ஏதோ கோளாறு என்பது மட்டும் நிச்சயம். வலிக்கிற இடத்தைக் காட்டுவதில் திருத்தக்காரர்கள் தவறுவதில்லை. மருந்தை அவர்கள் சொன்னபடியே கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, உண்மை பற்றிய குறிப்புகளைத் தனியே எடுத்தேன். இவற்றில் பெரும்பான்மை என்ற பேச்சே கிடையாது. மூன்று பேர் ஒன்று சொல்லி ஒருவர் மறுத்தாலும், அந்த விஷயம் தெரிந்தவர் சொல்வதுதான் முடிவு. சாய்க்கும் கிரைண்டர்கள் பல வருடங்களாகவே சந்தையில் இருக்கின்றன. அதனால் “முதல் முறையாக” என்பதை இன்ஜினீயர் அடித்திருந்தார். 5 வருட வாரண்டி மோட்டாருக்கு மட்டும்தான், மற்ற பாகங்களுக்கு 2 வருடம்.

சிவப்புக் கோடு போட்டது சர்வீஸ் அக்கா. அவர் கோடு போட்டிருந்தது “வாரண்டி” என்ற சொல்லுக்கு. கேட்கப் போனபோது சொன்னார்: “தம்பி, மூணாவது வருஷம் டிரம்மு போச்சுன்னு ஒரு அம்மா போன் பண்ணுவாங்க. அஞ்சு வருஷம்னு உங்க மெயில்லயே இருக்கேம்பாங்க. அப்ப போனை எடுக்கறது நானுங்க தம்பி, நீங்க இல்லை.”

கணக்குப் பிரிவு சார் அதையே வேறு மாதிரிச் சொன்னார். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் தயாரிப்பாளர் மீது ₹10 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. “குறுகிய காலம்” என்பதையும் அவர் விடவில்லை. “தேதி போடுங்க. வரி உட்படவான்னு சொல்லுங்க. ரெண்டும் இல்லாத விலை விலையே இல்ல.”

இந்த மாதிரிக் குறிப்புகள் 11 இருந்தன. அவற்றை அன்று இரவே முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தவைதான் நிஜமான சண்டை: விலை எங்கே வருவது, எவ்வளவு நீளம், கடைசியில் எந்தப் பட்டன்.

இதற்கு நடுவில் ஒரு கோடு போட்டுச் சமாதானம் பண்ணுவது சுலபம். தலைப்பில் விலையைப் போடாமல் “சிறப்பு விலையில்” என்று பூசி மெழுகலாம். இருவரும் பேசாமல் இருப்பார்கள், ஆனால் படிப்பவருக்கு அந்த வார்த்தையால் எந்த உபயோகமும் இல்லை. அதைவிட, ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று நேரில் கேட்பது நல்லது. குறிப்பில் எழுதுவது ஒன்று, மனசில் இருப்பது ஒன்று.

விற்பனை மேலாளருக்கு, மெயிலை யாரும் திறக்க மாட்டார்களோ என்ற பயம். விலையைப் பார்த்தால் திறப்பார்கள் என்பது அவர் அனுபவம். முதலாளியிடம் போனேன். விலையைச் சொன்னால் மலிவாகத் தெரியும் என்று நினைக்கிறாரோ என்பது என் ஊகம். அவர் சொன்னதோ வேறு. “நான் ஆன்லைன்ல விலையக் குறைச்சிட்டேன்னு நாளைக்குக் காலைல டீலருங்க அத்தனை பேரும் எனக்குப் போன் போடுவாங்க. முப்பது வருஷமாக் கூட இருக்கறவங்கப்பா.”

அப்படியானால் கடையிலும் அதே அறிமுக விலைதானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அதை ஏன் யாருமே எழுதவில்லை என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அங்கேயே இன்னொரு கேள்வியும் கேட்டேன்: “சார், இதைப் படிச்சு முடிச்சவங்க அடுத்து என்ன பண்ணணும்?”

“கடைக்குப் போகணும். லீவரை ஒரு தடவை சாய்ச்சுப் பார்க்கணும். பார்த்துட்டா வாங்கிருவாங்க.”

இந்த ஒரு பதிலில் பாதிச் சண்டை தீர்ந்தது. ஆளைக் கடைக்கு அனுப்புவதுதான் நோக்கம் என்றால், மோட்டாரின் வாட்ஸ், ஸ்டீலின் ரகம் எல்லாம் மெயிலில் வேண்டாம், இணையப் பக்கத்தில் இருந்தால் போதும். “இப்போதே வாங்குங்கள்” பட்டனுக்குப் பதிலாகக் கடையைக் காட்டும் பட்டன். ஆன்லைனில் வாங்க விரும்புகிறவர்களுக்கு அதன் கீழே சின்னதாக ஒரு லிங்க். வீடியோ பட்டன் ஒன்றும் கேட்டிருந்தார்கள், அதை விட்டுவிட்டேன். மூன்று பட்டன் இருந்தால் கை எதிலும் போகாது.

“முதல் முறையாக” மட்டும் பாக்கி. போட்டிக் கம்பெனிகளும் சாய்க்கும் கிரைண்டர் விற்கும்போது நம்முடையதும் அதில் ஒன்றாகத் தெரிந்துவிடுமோ என்பது முதலாளியின் கவலை. நியாயமான கவலைதான். அப்படியானால் நம்முடையதில் என்ன வித்தியாசம் என்று இன்ஜினீயரிடம் கேட்டேன். ஐந்து நிமிடம் லீவரைப் பற்றியும் ஸ்பிரிங்கைப் பற்றியும் சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. எழுந்து போய் மாடலைச் சாய்த்துக் காட்டினார். சாய்த்த டிரம் அப்படியே பூட்டிக்கொண்டு நின்றது. கையை எடுத்தாலும் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அம்மா ஒரு கையால் டிரம்மைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாவை வழிப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் இதுதானே!

வியாழன் காலை, பழைய மெயிலைத் திறக்காமல், வெற்றுப் பக்கத்தில் எழுதினேன். பழையதை வைத்துக்கொண்டு ஒட்டுப் போட்டால் ஒட்டுத் தெரியும். நோட்டு பக்கத்தில் இருந்தால் எதுவும் விட்டுப்போகாது.

போனில் மெயில் வரும்போது தலைப்பில் முதல் சில சொற்கள்தான் தெரியும். அதன் கீழே மங்கலாக ஒரு முன்னோட்ட வரி வரும். நாம் எழுதாவிட்டால் மெயிலின் முதல் வரியையே அது எடுத்துக்கொள்ளும். விற்பனை மேலாளர் கேட்ட விலைக்கு அதுதான் இடம்.

தலைப்பு: “டிரம்மைப் பிடிக்காமல் மாவு வழிக்கலாம்.”

முன்னோட்டம்: “அறிமுக விலை ₹6,490. கடையிலும் இதே விலை.”

உள்ளே: “அரைத்து முடித்ததும் ஒரு கையால் டிரம்மைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாவை வழிக்கிறீர்களா? எங்கள் புதிய 2 லிட்டர் கிரைண்டரில், சாய்த்த டிரம்மை லீவர் அப்படியே பூட்டிவிடும். இரண்டு கையாலும் வழிக்கலாம். சாய்க்கும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அறிமுக விலை ₹6,490, வரி உட்பட, அக்டோபர் 31 வரை. மோட்டாருக்கு 5 வருடம், மற்ற பாகங்களுக்கு 2 வருடம் வாரண்டி. பக்கத்துக் கடையில் ஒருமுறை சாய்த்துப் பாருங்கள்.”

பட்டன்: “அருகில் உள்ள கடை எது?”

சுவிட்ச் வரி இன்ஜினீயர் கேட்டது. விளம்பரத்தில் எச்சரிக்கையா என்று விற்பனை மேலாளர் முகம் சுளித்தார். அது பாதுகாப்பு விஷயம் என்பதால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மெயிலோடு ஐந்து பேருக்கும் தனித்தனியாக நாலு வரி எழுதினேன்: நீங்கள் சொன்னதில் எது வந்திருக்கிறது, எது வரவில்லை, ஏன். இதைச் செய்யாவிட்டால், தன் குறிப்பைக் காணவில்லை என்று அதே குறிப்பை மறுபடி போடுவார்கள். கூடவே, இந்த முறை தகவலில் தவறு இருந்தால் மட்டும் சொல்லுங்கள், வெள்ளி காலை 10 மணிக்குள், என்றும் கேட்டுக்கொண்டேன்.

மூன்று பதில்கள் வந்தன. இன்ஜினீயர், படத்தில் இருப்பது மாதிரிக்காகச் செய்த கறுப்பு லீவர், கடைக்குப் போவது சிவப்பு என்றார். படத்தை மாற்றினோம். விற்பனை மேலாளர் தலைப்பில் ஓர் ஆச்சரியக்குறி கேட்டார். அது தகவல் இல்லை என்பதால் விட்டுவிட்டேன். முதலாளி, முப்பது வருடக் கதை ஒரு வரிகூட இல்லையே என்றார். அவருக்கு இந்த மெயில் கடைசி வரை முழுத் திருப்தி இல்லை. கம்பெனி முகவரிக்கு மேலே “30 வருடங்களாகக் கோவையிலிருந்து” என்று சின்ன எழுத்தில் சேர்த்தேன். 11 மணிக்கு அனுப்பினோம்.