எட்டுத் தறி, ஒரு காது

சோமனூர்ப் பக்கத்துத் தறி குடோன்களில் ஒருவர் பேசுவதை மற்றவர் காதால் கேட்பதில்லை, வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். நானும் தொழிற்பாதுகாப்புப் பொறியாளரான என் நண்பரும் போன குடோனில் எட்டுத் தறிகள், இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. எல்லாம் நாடா ஓடும் பழைய விசைத்தறிகள். நடுவிலுள்ள சந்தில் நின்று எட்டையும் கவனித்துக்கொள்பவர் ஓர் அக்கா. தார் மாற்றுவது, அறுந்த பாவு நூலை முடிவது, ஊடை தீர்ந்து நின்ற தறியை மறுபடி ஓட்டுவது என்று பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்.

எட்டும் ஓடும்போது மீட்டரை அவர் காதருகே பிடித்தால் மொத்தச் சத்தம் நேரடியாகத் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எந்தத் தறியில் கைவைப்பது என்று தெரியாது. அதனால் நண்பர் வேறு வழியில் போனார். அக்கா அதிக நேரம் நிற்கும் இடத்தில், அவர் காது உயரத்துக்கு மீட்டரை முக்காலியில் நிறுத்தினார். முதலில் 94 டெசிபெல் தரும் சிறிய கருவியைச் செருகி மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு தறியையும் தனியாக ஓட்டச் சொன்னார்.

அதற்கு எட்டும் நின்றிருக்க வேண்டும், பக்கத்துக் குடோனும் ஓடக்கூடாது. இரண்டு குடோனும் நிற்கும் வேளை பார்த்துத்தான் போயிருந்தோம். வெறும் குடோனில் மீட்டர் 70 காட்டியது. அளக்கப்போகும் தறியின் சத்தம் இந்தப் பின்னணியைவிட 10 டெசிபெலாவது கூடுதலாக இருந்தால் பின்னணியை மறந்துவிடலாம். மூன்று நான்குதான் கூடுதல் என்றால், நாம் தறியென்று குறித்துக்கொள்வதில் பின்னணிச் சத்தமும் கலந்திருக்கும்.

பிக்கிங் ஸ்டிக் நாடாவை அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் மீட்டர் முள் போல எண் துள்ளும். அந்தத் துள்ளலின் உச்சத்தைக் குறித்துக்கொள்வது இங்கே பலர் செய்யும் தவறு. எட்டு உச்சங்களைக் கூட்டினால், எட்டுத் தறியும் ஒரே கணத்தில் அடிப்பதாகக் கணக்கு வந்துவிடும். ஒரு நிமிடத்துச் சராசரிச் சக்தியைத்தான் எடுக்க வேண்டும். கிடைத்த எண்கள் இவை: 92, 91, 88, 88, 86, 85, 83, 82. அருகிலிருக்கும் இரண்டு தறிகள் முதலிரண்டு இடத்தில். கோடியிலிருப்பது 82.

முதலாளி போனில் இவற்றைக் கூட்டிப் பார்த்து, “அறுநூத்தித் தொண்ணூத்தஞ்சு வருதுங்களே!” என்று சிரித்தார். சராசரி போட்டால் 87 வரும். அதுவும் பொருளில்லாதது, அருகிலுள்ள ஒரே தறி 92 தரும்போது எட்டும் சேர்ந்து அதைவிடக் குறையுமா?

டெசிபெலைக் கூட்ட முடியாது, சக்தியைக் கூட்டலாம். 10 டெசிபெல் ஏறினால் சக்தி பத்து மடங்கு, 3 ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நண்பர் கணக்கைச் சுருக்க ஒரு வழி வைத்திருந்தார். 80 டெசிபெலை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வார். அப்போது 92 என்பது 15.8 பங்கு, 91 என்பது 12.6, இரண்டு 88-களும் தலா 6.3, 86 என்பது 4, 85 என்பது 3.2, 83 என்பது 2, கடைசி 82 என்பது 1.6. இப்போது சாதாரணக் கூட்டல்தான்: 51.8 பங்கு. இதைத் திரும்ப டெசிபெலாக்க வேண்டும். நூறு பங்கு என்றால் 20 டெசிபெல், அதில் பாதியான ஐம்பது என்றால் 17. ஆக 80-உடன் 17 சேர்த்து 97. தறிகளை எல்லாம் ஓட்டிவிட்டு அதே இடத்தில் மீட்டரைப் பார்த்தோம். 97-க்கும் 98-க்கும் இடையில் நின்றது.

இவ்வளவு ஒட்டி வந்ததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு தறியையும் அதே அறையில், அதே இடத்திலிருந்து அளந்ததால் சிமென்ட் ஷீட் கூரையும் சுவரும் திருப்பியடிக்கும் சத்தம் ஒவ்வோர் எண்ணிலும் ஏற்கெனவே அடங்கியிருந்தது. தறியைத் திறந்தவெளியில் வைத்து அளந்த எண்ணை எடுத்துக் கூட்டியிருந்தால் விடை குறைந்திருக்கும். ஒவ்வொரு தறிக்கும் தனி மோட்டார், ஒன்றின் அடியோடு இன்னொன்று சேர்ந்து விழுவதில்லை என்பதும் முக்கியம். ஒரே தாளத்தில் பிசகாமல் இயங்கும் மூலங்களுக்கு இந்தக் கூட்டல் பொருந்தாது.

“நாலு தறிய நிறுத்திப்போட்டா சத்தம் பாதியாயிருமுங்களா?” என்று முதலாளி கேட்டார். தொலைவிலுள்ள நான்கையும் நிறுத்திக் கணக்குப் போட்டோம். அவற்றின் பங்கெல்லாம் சேர்ந்து 10.8தான், மீதி 41. அதாவது 96 டெசிபெல். பாதித் தறி நின்றும் அக்காவின் காதுக்குக் குறைந்தது ஒரு டெசிபெல். அருகிலுள்ள இரண்டை மட்டும் நிறுத்தினால் 28.4 பங்கு போய் ஏறக்குறைய 94 வரும். அக்கா இடம் மாறி அந்தக் கோடிக்குப் போனால் இந்த வரிசையே தலைகீழாகிவிடும். கணக்கு தறியைப் பற்றியதல்ல, காது இருக்கும் இடத்தைப் பற்றியது.

நான் வியந்தது வேறொன்றில். நாங்கள் நின்றிருந்தபோது கோடியிலிருந்த அந்த 82 தறி நூலறுந்து நின்றது. கணக்குப்படி மொத்தத்தில் குறைவது ஒரு டெசிபெலில் ஏழில் ஒரு பங்குதான், துள்ளிக்கொண்டிருக்கும் மீட்டரில் அது தெரியவேயில்லை. அக்கா அதற்கு முதுகு காட்டி நின்றவர், திரும்பி நேரே அந்தத் தறிக்குப் போனார். “எப்படித் தெரிஞ்சுது?” என்று வெளியே வந்தபின் கேட்டேன். “அந்த அடி விழலீங்க தம்பி” என்றார். இதனாலேயே காதடைப்பான் போட அவருக்குத் தயக்கம்.

இந்தியத் தொழிற்சாலை மாதிரி விதிகளின்படி 90 டெசிபெலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், 97 என்றால் மூன்று மணி நேரம். அமெரிக்காவின் நியோஷ் நிறுவனத்தின் பரிந்துரை இன்னும் கண்டிப்பானது: 85-க்கு எட்டு மணி, ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 97-க்கு அரை மணிதான். நாலைந்து பேர் வேலை செய்யும் இத்தகைய குடோன்கள் பெரும்பாலும் தொழிற்சாலை விதிகளுக்குள் வருவதுமில்லை.

முதலாளி விடவில்லை. அருகிலுள்ள இரண்டு தறிகளை மட்டும் சரிசெய்து தலா 5 டெசிபெல் குறைத்தால்? 28.4 பங்கு 9 ஆகிவிடும், மொத்தம் 32.4, அதாவது 95. இரண்டு டெசிபெல் லாபம். எட்டிலும் 5 குறைத்தால் மொத்தமும் முழுதாக 5 குறைந்து 92 ஆகும். ரிப்பேர்க்காரரைப் போனில் கூப்பிட்டு, தேய்ந்துபோன பிக்கர், பஃபர் எந்தெந்தத் தறியில் இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார். நண்பர் அக்காவிடம், சத்தத்தை முழுக்க மறைக்காமல் பதினைந்து டெசிபெல் மட்டும் குறைக்கும் காதடைப்பானை எடுத்துக் காட்டினார். அவர் ஒரு காதில் மட்டும் செருகிக்கொண்டு உள்ளே போனார்.