கிணத்துல மூணு பங்கு

மாதிரி உயில்னு ஒண்ணு பத்திரம் எழுதுறவங்க எல்லார்கிட்டயும் இருக்கும். பேர், அப்பா பேர், வயசு, "நல்ல நினைவோடும் சுயபுத்தியோடும் யாருடைய தூண்டுதலுமின்றி"ன்னு ஆரம்பிச்சு, கடைசியில சாட்சி கையெழுத்து வரைக்கும் எல்லாம் ரெடியா இருக்கும். நடுவுல இருக்கற கோட்டை நிரப்பினா போதும். வீடு, நகை, பேங்க் பணம்னா அது தாராளமா போதும். கிணத்துத் தண்ணின்னு வர்றப்பதான் அந்தக் கோடு பத்தாது.

எங்க மாமா (அம்மாவோட அண்ணன்) பல்லடம் பக்கம் விவசாயம். 1984-ல சொந்தச் சம்பாத்தியத்துல கிரயம் வாங்கின நிலம், 5 ஏக்கர் 5 சென்ட். ஒரே ஒரு திறந்த கிணறு, 20 அடி விட்டம், 5 எச்.பி. மோட்டார். ரெண்டு பையன், ஒரு பொண்ணு. அத்தை தவறி சில வருஷம் ஆச்சு. பையன்களுக்கு ரெண்டு ரெண்டு ஏக்கர், பொண்ணுக்கு ஒரு ஏக்கர்னு முடிவு பண்ணிட்டார். "கல்யாணத்துக்குப் போட்ட நகை, சீர் எல்லாம் கழிச்சு அவளுக்கு ஒரு ஏக்கர் கண்ணு"ன்னு சொன்னார். எனக்கு அதுல முழுசா சம்மதம் இல்லை. ஆனா அவர் நிலம், அவர் கணக்கு.

இங்க ஒரு விஷயம். இது அவரே வாங்கினதால எப்படி வேணா எழுதலாம். தாத்தா வழியா வந்த கூட்டுக் குடும்பச் சொத்தா இருந்தா கதையே வேற. 2005 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் பொண்ணும் பிறப்பாலேயே பங்குதாரர். 2005-ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லைன்னு 2020-ல உச்ச நீதிமன்றமும் தெளிவாச் சொல்லிருச்சு. அந்த மாதிரிச் சொத்துல அப்பா உயில் எழுதினா அவர் ஒருத்தர் பங்குக்கு மட்டும்தான் செல்லும். அதனால உயிலோட முதல் பக்கத்துலயே கிரயப் பத்திர எண்ணும் வருஷமும் போட்டு "என் சுயார்ஜிதச் சொத்து"ன்னு எழுதறது சும்மா அலங்காரத்துக்கு இல்லை.

சரி, தண்ணிக்கு வருவோம். பத்திரம் எழுதுறவர் கொடுத்த டிராஃப்ட்ல தண்ணியைப் பத்தி ரெண்டே வரி: "மேற்படி கிணற்றில் மூவருக்கும் சம பாத்தியம். மூத்தவர் காலை 6 முதல் 2 வரையிலும், இளையவர் 2 முதல் 10 வரையிலும், மகள் இரவு 10 முதல் காலை 6 வரையிலும் நீர் இறைத்துக்கொள்ள வேண்டியது."

எட்டு, எட்டு, எட்டு. பேப்பர்ல பார்த்தா தங்கமான நியாயம். பொண்ணுக்கு நிலம் பாதி, தண்ணி சமம், அப்ப அவளுக்கு லாபம்னுகூடத் தோணும். மாமா ஒரே வரியில உடைச்சுட்டார்: "ராத்திரி பத்து மணிக்கு பாப்பா பன்னெண்டு கிலோமீட்டர் வண்டியில வந்து மோட்டார் போடுவாளாக்கும்?"

வர மாட்டா. மாப்பிள்ளையும் நாலு நாள் வருவார், அஞ்சாம் நாள் அலுத்துக்குவார். அப்புறம் நிலம் அண்ணன்கிட்டயே குத்தகைக்குப் போகும், அவங்க சொல்ற விலைக்கு. பத்து வருஷம் கழிச்சு கிரயமும் அதே விலையிலதான் ஆகும். தண்ணி வராத ஒரு ஏக்கரை வெளியாள் எவன் வாங்குவான்?

ராத்திரி மட்டும் இல்லை பிரச்சினை. மணிக்கணக்குல முறை பிரிக்கிறதே தப்பு. மோட்டார் ஓடறதுக்கு மும்முனை கரண்ட் வேணும், அது வர்ற நேரம் நம்ம கையில இல்லை. பகல்ல ஆறு மணி நேரம், ராத்திரி மூணு மணி நேரம்னு ஓடின காலத்தை எல்லாரும் பார்த்திருக்கோம். நேரம் மாறிக்கிட்டேதான் இருக்கும். கடிகாரத்தை வெச்சு உயில் எழுதினா, ஒவ்வொரு தடவை கரண்ட் நேரம் மாறும்போதும் ஒருத்தர் பங்கு ஊதும், இன்னொருத்தர் பங்கு சுருங்கும்.

அடுத்தது கிணறு ஊர்ற கணக்கு. மாமாவோட நானும் கயிறு விட்டு அளந்தேன். கோடையில வத்த இறைச்சுட்டு விட்டா, ஒரு நாள் முழுக்க சுமார் எட்டு அடி ஊறுது. இருபது அடி விட்டத்துக்கு ஒரு அடி ஆழம்னா கிட்டத்தட்ட 8,900 லிட்டர். எட்டு அடிக்கு 71,000 லிட்டர். அந்த மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 27,000 லிட்டர் தள்ளும். அதாவது, 24 மணி நேரம் ஊர்ற தண்ணியை ரெண்டரை மணி நேரத்துல காலி பண்ணிடலாம், அதுக்கப்புறம் மோட்டார் காத்துதான் இழுக்கும். ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் தண்ணி கட்டவே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல வேணும்ங்கறதையும் சேர்த்துப் பாருங்க.

அப்ப இந்தக் கிணத்துல பிரிக்க வேண்டியது மோட்டார் ஓடற நேரத்தை இல்லை, ஊறி வர்ற தண்ணியை. அதுக்கு அளவுகோல் முழு நாள்தான். காலை ஆறு மணிக்கு ஆரம்பிச்சா மறுநாள் காலை ஆறு வரைக்கும் ஒருத்தர் முறை. முன்னாடி இறைச்சவர் துடைச்சு வெச்சுட்டுப் போனாலும், ஒரு முழு நாள் ஊத்து எனக்கு. நான் துடைச்சாலும் அடுத்தவருக்கு அதே. கரண்ட் பகல்ல வந்தா என்ன, ராத்திரி வந்தா என்ன, என் நாளுக்குள்ள எப்பவாவது ரெண்டரை மணி நேரம் வந்தாப் போதும்.

நிலத்துக்கு ஏத்த மாதிரி ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. அஞ்சு நாள் சுத்து. மாமா முதல்ல மூத்தவனுக்கு ரெண்டு நாள் சேர்ந்தாப்புல, அப்புறம் சின்னவனுக்கு ரெண்டு நாள்னு சொன்னார். அப்படி வெச்சா முதல் நாளுக்கும் அடுத்த சுத்துக்கும் நடுவுல பையன்களுக்கு மூணு நாள் முழுசா காஞ்சிரும், காய்கறி போட்டா தாங்காது. அதனால மூத்தவன், சின்னவன், பாப்பா, மூத்தவன், சின்னவன்னு மாத்தி வெச்சோம்.

வாரத்துல இன்ன கிழமை இன்னார்னு வெச்சா ஞாபகம் வெச்சுக்க சுலபம்தானேன்னு மச்சான் (மூத்தவன்) கேட்டார். சுலபம்தான், ஆனா அஞ்சு பங்கு ஏழு நாளுக்குள்ள உக்காராது. தவிர, மாசாந்திர பராமரிப்புன்னு கரண்ட் நிறுத்தற கிழமை ஒருத்தர் தலையிலயே திரும்பத் திரும்ப விழலாம். அஞ்சு நாள் சுத்துல கிழமை தானா நகரும். 35 நாளைக்கு ஒரு தடவை பாப்பாவுக்கு எல்லாக் கிழமையும் ஒவ்வொரு தரம் வந்துரும். கரண்ட் இல்லாமப் போன நாள் போனதுதான், ஈடு கிடையாது. இழப்பும் சுத்தி எல்லாருக்கும் வரும்.

மோட்டார் ரிப்பேர் வேற மாதிரி. காயில் எரிஞ்சா கட்டி முடிக்க நாலஞ்சு நாள் ஆகும். யார் முறையில நின்னுச்சோ அவங்க முறையிலிருந்தே மறுபடி ஆரம்பிக்கணும். இல்லைன்னா தன் முறை வர்ற வரைக்கும் ரிப்பேரை இழுத்தடிக்கற புத்தி எவனுக்கும் வரும் :-)

கடைசியா வக்கீல் ஒருத்தர் பார்த்துத் திருத்திக் கொடுத்த வாசகம் இப்படி நின்னுச்சு. பேரு, சர்வே எண், நாலு எல்லை எல்லாம் எடுத்துட்டுத் தர்றேன்:

"கிணறும் மோட்டார் அறையும் அடங்கிய 5 சென்ட் நிலமும், அதற்கான மின் இணைப்பும், மோட்டார் பம்புசெட்டும் என் மக்கள் மூவருக்கும் பிரிவிடாத பொதுவில் இருக்க வேண்டியது. மின் இணைப்பு யார் பெயருக்கு மாறினாலும் மற்றவர் பாத்தியம் குறையாது.

"நான் காலமான மாதத்திற்கு அடுத்த தமிழ் மாதம் 1-ஆம் தேதி காலை 6 மணி தொட்டு, மூத்த மகன், இளைய மகன், மகள், மூத்த மகன், இளைய மகன் என்ற வரிசையில் நாள் ஒன்றுக்கு ஒருவராக, ஐந்து நாள் சுற்றாக நீர் இறைத்துக்கொள்ள வேண்டியது. முறை முடியும்போது கிணற்றில் மிச்சம் உள்ள நீர் அடுத்த முறைக்காரருக்குச் சேரும்.

"பழுது, தூர் வாருதல், ஆழப்படுத்துதல் ஆகிய செலவை 2, 2, 1 என்ற விகிதத்தில் தர வேண்டியது. ஒருவர் தரத் தவறினால் மற்றவர் செலவிட்டு அத்தொகையை அவரிடம் வசூலித்துக்கொள்ளலாமேயன்றி, அவர் முறையைத் தடுக்கக் கூடாது.

"மகள் பாகத்திற்கு மூத்த மகன் பாகத்தின் கிழக்கு வரப்பை ஒட்டி 3 அடி அகலத்தில் வாய்க்கால் கொண்டுபோகவும், மண்ணுக்கடியில் குழாய் பதிக்கவும், மாமூல் வண்டித் தடத்தில் போகவரவும் பாத்தியம் உண்டு.

"மேற்படி முறை அந்தந்த நிலத்தோடு சேர்ந்தது. நிலத்தை விற்றால் முறையும் உடன் செல்லும். முறையைத் தனியாக விற்கவோ, லாரிக்குத் தண்ணீர் விற்கவோ கூடாது."

முறையைத் தடுக்கக் கூடாதுங்கற வரிதான் எனக்கு முக்கியமாப் பட்டது. நடைமுறையில தங்கச்சி பங்கு காணாமப் போற வழி அதுதான். "மோட்டார் கட்டின காசு தரலை, அதனால சுவிட்சு ரூம் சாவி தர மாட்டேன்." காசு ரெண்டாயிரம், போறது மொத்த வெள்ளாமை. கடன் கடனா இருக்கட்டும், தண்ணி தண்ணியா இருக்கட்டும்.

வாய்க்கால் வரியும் அப்படித்தான். கிணறு இருக்கறது மூத்தவர் பக்கம், பாப்பா நிலம் கடைசியில. எழுதாம விட்டாலும் 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டப்படி, உயில்ல வந்த நிலத்தை அனுபவிக்க அத்தியாவசியமான பாத்தியத்தைக் கேட்டு வாங்கலாம்தான். ஆனா அதை வாங்க கோர்ட்டுக்குப் போகணும், கேஸ் முடியறதுக்குள்ள தென்னம்பிள்ளை காய்க்கவே ஆரம்பிச்சிருக்கும். மூணு அடின்னு அகலத்தோட எழுதிட்டா சர்வேயர் வந்து கல் போட்டுட்டுப் போயிருவார்.

மாமா ஆசைப்பட்டது இன்னொண்ணு: "வெளியாளுக்கு விக்கவே கூடாதுன்னு எழுதிரு மாப்ள." முழு உரிமையாக் கொடுத்த சொத்துல அப்படி அடியோட தடை போட்டா செல்லாதுன்னு வக்கீல் சொல்லிட்டார். அதுக்குப் பதிலா, விக்கறதுக்கு முன்னாடி கூடப் பிறந்தவங்ககிட்ட எழுத்துல கேட்டு, 60 நாள் பொறுத்து, அதே விலைக்கு அவங்க வேண்டாம்னாதான் வெளிய போகணும்னு சேர்த்தோம். மாமாவுக்கு அரை மனசுதான்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைப் பேப்பர் போதும். பதிவும் கட்டாயம் இல்லை, ஆனாலும் பதிஞ்சோம். கட்டாயம் வேண்டியது ரெண்டு சாட்சி. அவர் கையெழுத்துப் போடறதை அவங்க பார்க்கணும், அவர் முன்னாடி அவங்க போடணும். பின்னால வழக்கு வந்தா, உயிரோட இருக்கற ஒரு சாட்சியாவது கோர்ட்ல வந்து சொன்னாத்தான் உயில் நிரூபணம் ஆகும். மாமா தன் வயசுச் சேக்காளி ரெண்டு பேரைச் சொன்னார். எழுபத்தஞ்சு வயசுக்காரருக்கு எழுபத்தாறு வயசுச் சாட்சி! பேசி, பக்கத்துத் தோட்டத்துக்காரரோட பையன் ஒருத்தரையும், பால் சொசைட்டியில வேலை பார்க்கற முப்பத்தஞ்சு வயசு ஆள் ஒருத்தரையும் போட்டோம். பங்கு வாங்கறவங்க யாரும் சாட்சியில இல்லை.

நகல் மூணு எடுத்து மூணு பேர்கிட்டயும் இப்பவே கொடுத்துட்டார். மூத்த மச்சான் படிச்சுட்டு ஒரு நாள் முழுக்கப் பேசலை. மறுநாள் கிழக்கு வரப்பை அடியளந்து பார்த்துட்டு வந்து, "மூணு அடி எதுக்குங்கப்பா, குழாய்க்கு ஒண்ணரை போதாதா"ன்னார். "வண்டி மண்ணு தட்டி வாய்க்கால் மூடினா தோண்ட ஆள் நிக்க எடம் வேண்டாமா"ன்னு மாமா கேட்டார். மூணு அடி மூணு அடியாவே இருக்கு.