தொப்பியைப் பிடுங்கியதற்கு ஓராண்டுத் தடை!

கடிதம் வந்தது 8-ம் தேதி, சனிக்கிழமை மதியம். மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தின் லெட்டர்பேடில் நான்கே வரிகள். கடந்த 2-ம் தேதி நடந்த லீக் போட்டியில் தங்கள் கிளப்பின் பந்துவீச்சாளர் நடுவரைத் தாக்க முயன்றதால், அவர் ஓராண்டு காலத்துக்கு எல்லாப் போட்டிகளிலிருந்தும் இடைநீக்கம் செய்யப்படுகிறார். கீழே தேதி 3 என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச். திங்கட்கிழமை தடை. நடுவில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பையனுக்கு வயது 18. அந்த மாதம் 29-ம் தேதி 19 வயதுக்குட்பட்டோருக்கான மாவட்ட அணித் தேர்வு. அடுத்த ஆண்டு அவன் வயது வரம்பைத் தாண்டிவிடுவான். ஓராண்டுத் தடை என்றாலும், அவனைப் பொறுத்தவரை அந்தக் கதவு மறுபடி திறக்கப்போவதில்லை.

அன்று மாலையே கேப்டன் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு கிளப் செயலாளர் வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று பக்கம். 'அம்பயருக்குக் கண் தெரியவில்லை', 'திட்டமிட்ட சதி', 'கோர்ட்டுக்குப் போவோம்' என்று வரிக்கு வரி கொதித்தது. செயலாளர் தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருடம் மனு படித்தவர். முழுவதும் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"கோபம் தப்பில்லப்பா. ஆனா இதப் படிக்கிறவர், கடைசிப் பக்கத்துக்கு வரும்போது நம்ம மேல கோபமா இருப்பார். அப்புறம் எப்படி மனசு மாறும்?" என்றார்.

அவர் முதலில் கேட்டது, கடிதம் வந்த உறையை. கேப்டன் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டிருந்தார். தேடி எடுத்து வரச் சொன்னார். லீக் விதிப் புத்தகத்தின்படி, உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கடிதத்தில் இருக்கும் தேதி 3, கையில் கிடைத்தது 8. தபால் முத்திரை உள்ள உறைதான் அதற்குச் சாட்சி. எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும், 15-வது நாள் கொடுத்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்ப முடியும்.

அடுத்து, திங்கட்கிழமை காலை சங்கத்துக்கு இரண்டு வரிக் கடிதம் போனது. அம்பயர்கள் கொடுத்த அறிக்கையின் நகல் வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருந்தது. என்ன குற்றச்சாட்டு என்று முழுதாகத் தெரியாமல் பதில் எழுதுவது இருட்டில் கல் எறிவதைப் போல. வியாழக்கிழமை நகல் கிடைத்தது. அதைப் படித்ததும் செயலாளர் பையனை வரச்சொன்னார்.

"என்ன தம்பி நடந்துச்சு? எங்கிட்ட மறைக்காதே."

பையன் சொன்னான். 30 ஓவர் மேட்ச். 17-வது ஓவர் அவன் வீசினான். மூன்றாவது பந்து பேட்ஸ்மேனின் பேடில் பட்டது. எல்.பி.டபிள்யூ கேட்டான். அம்பயர் தலையசைத்தார். அவன் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு, 'எப்படி சார் அது அவுட் இல்ல?' என்று இரண்டு முறை கேட்டான். ஓவர் முடிந்ததும், அம்பயரிடம் கொடுத்து வைத்திருந்த தொப்பியை அவர் நீட்டுவதற்கு முன்பே வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

"நான் அவரைத் தொடக்கூட இல்ல சார்."

அறிக்கையிலும் அதுவேதான் இருந்தது. இரண்டு அம்பயர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். 'முடிவை ஏற்காமல் வாதிட்டார். என் கையிலிருந்த தொப்பியை மரியாதையின்றிப் பிடுங்கினார்.' தாக்க முயன்றார் என்று ஓர் இடத்திலும் இல்லை. அம்பயர் எழுதிய 'பிடுங்கினார்', சங்கத்தின் மேஜையைத் தாண்டி வரும்போது 'தாக்க முயன்றார்' ஆகிவிட்டிருந்தது.

மூன்றாவதாக ஸ்கோர் புக் வந்தது. செயலாளருக்கு இதுதான் வெளிச்சம். கிரிக்கெட் சட்டங்களை வகுக்கும் எம்.சி.சி, 2017-ல் கொண்டுவந்த புதிய சட்டத் தொகுப்பில் 42-வது சட்டமாக வீரர்களின் நடத்தையைச் சேர்த்தது. குற்றங்களை அது நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. அம்பயரின் முடிவுக்கு வார்த்தையாலோ செயலாலோ அதிருப்தி காட்டுவது முதல் நிலை. முதல் முறை என்றால் அதற்கு எச்சரிக்கை. அம்பயரைத் தாக்குவதாக மிரட்டுவதும், வேண்டுமென்றே அவர்மீது தகாத முறையில் கைவைப்பதும் நான்காம் நிலை. அப்படி நடந்தால், அந்த வீரரை மேட்ச் முடியும்வரை மைதானத்தை விட்டே அனுப்ப வேண்டும். எதிரணிக்கு ஐந்து பெனால்டி ரன்களும் உண்டு.

ஸ்கோர் புக்கில் பெனால்டி ரன் கட்டம் காலியாக இருந்தது. அதைவிட முக்கியம், 19-வது ஓவரையும் 21-வது ஓவரையும் அதே பையன்தான் வீசியிருக்கிறான். தன்னைத் தாக்க வந்தவனுக்கு, அடுத்த பத்து நிமிடத்தில் எந்த அம்பயராவது பந்தைக் கொடுத்து வீசவிடுவாரா?

ஆனால், இந்த வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பது செயலாளருக்குத் தெரியும். சின்ன லீக்குகளில் பல அம்பயர்கள் இந்தச் சட்டத்தை மைதானத்தில் அமல்படுத்துவதில்லை. மேட்ச் முடியட்டும், அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். சங்கமும் அப்படிச் சொல்லலாம். அதனால் அவர் முதலில் லீக் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். 'இந்த விதிகளில் சொல்லப்படாதவற்றுக்கு எம்.சி.சி சட்டங்களே பொருந்தும்' என்ற வரியைக் கண்டுபிடித்து, பக்க எண்ணைக் குறித்துக்கொண்டார்.

கடிதம் ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. ஆனால், அதன் முதல் காரணத்தை எழுதுவதற்கே பையனோடு ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது. காரணம், அது அவனுடைய தவறு.

"நீ அடிக்கலைன்னு கண்டிப்பா எழுதுவோம். ஆனா வாதாடினதையும், தொப்பியை இழுத்ததையும் ஒத்துக்கணும்."

"ஒத்துக்கிட்டா அதையே புடிச்சுக்குவாங்க சார்."

"அது ஏற்கெனவே அவங்க கையில இருக்கு தம்பி. நீ இல்லைன்னு சொன்னா, மீதி நாம சொல்ற உண்மையையும் நம்ப மாட்டாங்க."

பையன் வெகு நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் கைப்பட அம்பயருக்கு நான்கு வரி மன்னிப்புக் கடிதம் எழுதினான். அது மேல்முறையீட்டோடு இணைக்கப்பட்டது. கிளப்பின் கடிதம் இப்படித் தொடங்கியது:

'எங்கள் வீரர் நடுவரின் முடிவை ஏற்காமல் வாதிட்டதும், தொப்பியை மரியாதையின்றி இழுத்ததும் தவறு. இதற்குக் கிளப் வருந்துகிறது. எல்.பி.டபிள்யூ முடிவைப் பற்றி எங்களுக்கு எந்தக் கேள்வியும் இல்லை. அது நடுவரின் முடிவு. எங்கள் முறையீடு தண்டனையைப் பற்றியது மட்டுமே.'

இந்த ஐந்து வாக்கியங்களுக்குப் பின், மற்ற காரணங்கள் எண் போட்டு வரிசையாக நின்றன. தடை விதிப்பதற்கு முன் வீரரிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. உத்தரவில் உள்ள குற்றச்சாட்டு, நடுவர்களின் அறிக்கையில் இல்லை. சம்பவத்துக்குப் பிறகும் வீரர் இரண்டு ஓவர் வீசியிருக்கிறார். வயது வரம்பு காரணமாக, இந்த ஓராண்டு அவருக்கு ஓராண்டு மட்டும் அல்ல. ஒவ்வொன்றுக்கும் கீழே எந்த இணைப்பு, எந்தப் பக்கம் என்ற குறிப்பு.

கேப்டனுக்கு இன்னொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. தடை விதித்த ஐந்து பேர் கமிட்டியில், அன்றைய எதிரணிக் கிளப்பின் நிர்வாகி ஒருவரும் இருந்தார். "இதைத்தான் சார் பெரிசா எழுதணும். அவர் செஞ்ச வேலைதான் இது."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

கேப்டன் பேசவில்லை.

ஒருவர் பாரபட்சமாக நடந்தார் என்று நிரூபிப்பது கடினம். நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. 1969-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஏ.கே.கிரைபக் வழக்கில், காஷ்மீரிலிருந்து இந்திய வனப் பணிக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில், தானே ஒரு விண்ணப்பதாரராக இருந்த அதிகாரியும் உட்கார்ந்திருந்தார். தன் பெயர் வந்தபோது மட்டும் அவர் எழுந்து போனார். அது போதாது என்ற நீதிமன்றம், அந்தத் தேர்வை ரத்து செய்தது. பாரபட்சம் நடந்ததா என்பதைவிட, நடக்க நியாயமான வாய்ப்பு இருந்ததா என்பதே கேள்வி என்றது. கடிதத்தில் செயலாளர் இந்த வழக்கைக் குறிப்பிடவில்லை. சங்கம் கோர்ட் இல்லை. 'அன்றைய போட்டியில் விளையாடிய இரு கிளப்புகளைச் சேர்ந்தவர்களும் இந்த முறையீட்டின் விசாரணையில் இடம்பெறாமல் இருந்தால் எல்லோருக்கும் நலம் என்று பணிவுடன் கருதுகிறோம்' என்று எழுதினார். யார் பெயரும் இல்லை.

கடைசியில், என்ன வேண்டும் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டார். தடையை ரத்து செய்ய வேண்டும். அது இயலாதென்றால், தவறுக்கு ஏற்றபடி குறைக்க வேண்டும். விசாரணை தாமதமானால், 29-ம் தேதித் தேர்வில் மட்டுமாவது கலந்துகொள்ள அனுமதிக்க வேண்டும். 'ரத்து செய்' என்று ஒன்றை மட்டும் கேட்டால், கமிட்டிக்கு ஆம், இல்லை என்ற இரண்டு வழிதான் இருக்கும். முன்பு எடுத்த முடிவை விட்டுக்கொடுக்க யாருக்கும் எளிதில் மனம் வராது. நடுவில் ஒரு படி இருந்தால், கௌரவம் குறையாமல் இறங்கி வரலாம்.

17-ம் தேதி கட்டணம் கட்டி, ரசீது வாங்கி, நகலில் சங்கத்தின் முத்திரை பெற்று வந்தார்கள். 25-ம் தேதி விசாரணை. எதிரணி நிர்வாகி, வேறு வேலை இருப்பதாகச் சொல்லி அன்று வரவில்லை. அம்பயர் வந்திருந்தார். தாக்க முயன்றானா என்று கேட்டதற்கு, "அப்படி நான் எழுதலையே" என்றார்.

தடை நான்கு லீக் போட்டிகளாகக் குறைந்தது. 9, 16, 23 தேதிகளில் மூன்றை ஏற்கெனவே அவன் வெளியே உட்கார்ந்து பார்த்திருந்தான். 29-ம் தேதித் தேர்வுக்கும் அனுமதி கிடைத்தது. கமிட்டியில் யார் இருக்கலாம் என்பது பற்றி உத்தரவில் ஒரு வரியும் இல்லை. கேப்டனுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

தேர்வில் பையன் முப்பது பேர் பட்டியல் வரை போனான். இறுதி அணியில் இடமில்லை. "பந்து போட்டுத் தோத்தேன் சார், பரவாயில்ல" என்று வந்து சொன்னான்.

அடுத்த மாதம் ஒரு லீக் மேட்ச்சில் அதே அம்பயர். முதல் பந்துக்கு முன் பையன் தொப்பியை நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார். ஓவர் முடிந்ததும் கையை நீட்டிக் காத்திருந்தான். அவர் தொப்பியைக் கொடுக்க, அவன் தலையில் வைத்துக்கொண்டு ஃபீல்டிங்குக்குப் போனான்.