அரை மணி நேர அமைதிக்கு ஒரு விண்ணப்பம்

மும்பை தாராவியில் ஒரு மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளி. வாரம் ஒருமுறை எல்லா வகுப்புகளுக்கும் அரை மணி நேரம் மௌன வாசிப்பு வேண்டும் என்று, அதன் ஆசிரியை ஒருவர் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். முதல் வரைவு இரண்டு பக்கம் வந்தது. ஒன்றரைப் பக்கம் வாசிப்பின் மேன்மையைப் பேசியது; கேட்பது இன்னதென்பது கடைசி நான்கு வரிகளில் இருந்தது.

கூட்டத்துக்கு முன்பு, குழுவில் இருந்த ஒரு தாயிடம் அதைப் படித்துக் காட்டினார். பள்ளிக்கே சென்றிராத அந்தப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எழுத்துக் கூட்டவே வராத பிள்ளை அந்த அரை மணி நேரம் என்ன செய்யும் டீச்சர்?"

கடிதத்தில் அதற்கு விடை இல்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். தம் பிள்ளை அந்த அறையில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்பதே அவர்கள் அறிய விரும்புவது. ஆசிரியை வரைவைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினார்.

முதலில் நேரக் கணக்கு. தொடக்க வகுப்புகளுக்குச் சட்டம் ஆண்டுக்கு 200 வேலை நாள்களும் 800 பாட மணிகளும் வகுத்திருக்கிறது. வாரத்துக்கு ஆறு நாள் எனக் கொண்டால் ஏறத்தாழ 33 வாரங்கள். வாரம் அரை மணி என்றால் ஆண்டுக்குப் பதினாறரை மணி. இது மொத்த நேரத்தில் நூற்றுக்கு இரண்டைச் சற்றே மிஞ்சும். இந்த நேரம் எந்தப் பாடத்திலிருந்து எடுக்கப்படும் என்பதைச் சொல்லாத கடிதத்தைத் தலைமையாசிரியர் ஏற்கமாட்டார். ஆகவே எந்த ஒரு பாடமும் முழு வகுப்பை இழக்காதபடி, சனிக்கிழமையின் ஒவ்வொரு பாடவேளையிலும் சில நிமிடங்களைக் குறைத்துக் கால அட்டவணையே வரைந்து இணைத்தார்.

அடுத்தது புத்தகக் கணக்கு. பக்கத்து அறையில் வாய்ப்பாடு ஒலித்தால் இங்கே மௌனம் நிற்காது. ஆகவே எல்லா வகுப்புகளும் ஒரே வேளையில் படிக்க வேண்டும். அப்படியானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வேளையில் புத்தகமும் வேண்டும். ஏழு வகுப்புகளில் 210 மாணவர்கள். எடுத்த புத்தகம் பிடிக்காமல் மாற்றுவோருக்கும் சேர்த்து ஒருவருக்கு ஒன்றரை என்றால் 315. நூலகப் பதிவேட்டில் 400 நூல்கள் இருந்தன. ஆனால் பழைய பாடநூல்களையும் வழிகாட்டிகளையும் கழித்தபின் பிள்ளைகள் விரும்பி எடுக்கக்கூடியவை 180தான். குறை 135. ஒன்று ஐம்பது ரூபாய் என்றால் 6,750 ரூபாய். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது இக்குழுவின் பொறுப்பு என்பதால், அத்தொகையை அதில் சேர்க்கும்படி கேட்டார். பணம் வரும்வரை, இருப்பதை ஏழு பெட்டிகளாகப் பிரித்து, அடுத்தடுத்த வகுப்புகள் மாதந்தோறும் மாற்றிக்கொள்ளலாம் என்றும் எழுதினார்.

முதல் வரைவில் இருந்த "மதிப்பெண் உயரும்" என்ற வாக்கியத்தை நீக்கினார். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில், மாணவரைத் தாமாக மௌனமாகப் படிக்க ஊக்குவிப்பதால் வாசிப்புத்திறன் உயர்கிறது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றே கூறியது. எழுத்தறியாத பிள்ளைக்குக் கற்பித்தலின் இடத்தை இந்த அரை மணி நிரப்பாது என்பதைக் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டார்.

பிறகே அந்தத் தாயின் கேள்விக்கு வந்தார். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் வாய் முணுமுணுப்பது குற்றமாகாது. எழுத்துக் கூட்டும் பருவத்தில் பிள்ளை தன் குரலைக் கேட்டுத்தான் படிக்கிறது. மேல்வகுப்பில் திணறுவோரை ஆசிரியர் ஒரு மூலையில் தம்மோடு அமர்த்தி, படம் மிகுந்த, பக்கத்துக்கு ஒரு வரியே உள்ள நூலைத் தாழ்ந்த குரலில் சேர்ந்து படிப்பார். அந்த மூலைக்கு வாரம் ஒரு நல்ல வாசகரும் அழைக்கப்படுவார். இல்லையேல் அது மக்குகளின் மூலையாகிவிடும்.

திட்டம் நடக்கிறதா என்பதை அறியத் தேர்வு வைக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் நூலிலும் பெயர் எழுதிய ஒரு காகிதத் துண்டு இருக்கும். மூன்று வாரமாக அது ஒரே பக்கத்தில் நின்றால் நூல் கடினம். வாரந்தோறும் வேறு நூலில் முதல் பக்கத்திலேயே இருந்தால் பிள்ளை பார்க்கிறது, படிக்கவில்லை. ஒரு வார இடைவெளியில் கதை மறந்துபோகும் என்பதால் நூலை வீட்டுக்குக் கொண்டுபோகவும் அனுமதி கேட்டார்.

இரண்டாம் வரைவும் இரண்டு பக்கம்தான். ஆசிரியை அதையும் அந்தத் தாயிடமே முதலில் படித்துக் காட்டினார். எழுத்துக் கூட்ட வராத பிள்ளையைப் பற்றிய பத்தியை மட்டும் மீண்டும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்ட அவர், "இத மொதல்ல எழுதுங்க டீச்சர்" என்றார். ஆசிரியை அப்படியே மாற்றி எழுதினார். குழு ஒரு பருவத்துக்கு இசைவு தந்தது. நூல்களுக்கான தொகையை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தது. அந்தச் சனிக்கிழமை 180 நூல்களோடு ஏழு பெட்டிகளும் திறக்கப்பட்டன.