இருட்டறைக்கு எந்த மானிட்டர்?

ராமேஸ்வரம் வீட்டில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத்தான் படம் பார்ப்பேன். அதனால் மானிட்டர் வாங்குமுன், தம்பியின் ஐபிஎஸ், நண்பரின் விஏ இரண்டிலும் பாம்பன் பாலத்தை இரவில் எடுத்த வீடியோவை ஓட்டிப் பார்த்தேன்.

ஐபிஎஸ்ஸில் கறுப்பு வானம் சாம்பலாகவே இருந்தது. மூலைகளில் வெளிச்சம் கசிந்தது. தள்ளி உட்கார்ந்தால் கசிவு குறைகிறது, சாம்பல் போவதில்லை. அதன் கான்ட்ராஸ்ட் பொதுவாக 1000:1தான். விஏவில் 3000:1 அளவுக்கு வரும்.

விஏவில் வானம் நல்ல கறுப்பு. ஆனால் டார்க் மோடில் வேகமாக ஸ்க்ரோல் செய்தால் எழுத்துக்குப் பின்னால் நிழல் இழுபடுகிறது. கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாற அதன் பிக்சல்கள் தாமதிப்பதே காரணம்.

இருட்டில் படம் பார்ப்பவர்கள் விஏ வாங்குங்கள். வேகமான கேம் ஆடுபவர்கள் ஐபிஎஸ் வாங்கி, சாம்பல் உறுத்தாமலிருக்கத் திரைக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கு வையுங்கள்.