ஒரு ஏக்கர் அறுபது சென்ட்

எங்க அம்மாவின் தகரப்பெட்டியில் துணிக்கு அடியில் ஒரு காகிதம் இருந்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப்பசையால் பேப்பர் ஒட்டியிருந்தது. 1983இல் அப்பா பேருக்கு வந்த ஒப்படை ஆணை. ஒரு ஏக்கர் அறுபது சென்ட் புஞ்சை. கூடவே ஏழு சலான். நிலமதிப்பைத் தவணையாகக் கட்டிய ரசீது. காலே வைக்காத நிலத்துக்கு ஏழு தவணை கட்டியிருக்கிறார்கள். கூலி நாலு ரூபாய், அஞ்சு ரூபாய் என்றிருந்த காலம் அது.

தென்னாற்காட்டில் ஏரிப்பாசனம் உள்ள ஊர் எங்களுடையது. ஊர்த்தெருவில் ஒரு பெரிய குடும்பம். பேரு வேண்டாம், காலனியில் "ஆண்டை வூடு" என்றால் எல்லாருக்கும் தெரியும். நஞ்சை 60 ஏக்கர், புஞ்சை 40 ஏக்கர். இந்த நூறு ஏக்கரில் எங்கள் காலனிக்கு 45 ஏக்கர் எப்படி வந்தது, எப்படி வராமல் போனது என்பதைத்தான் சொல்கிறேன்.

உச்சவரம்புச் சட்டம் சாதாரண ஏக்கரில் கணக்குப் போடாது. அதற்கு ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று ஒன்று உண்டு. தீர்வை கூடின நல்ல நஞ்சை ஒரு ஏக்கர் என்றால் அது ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர். தீர்வை குறைந்த புஞ்சை நாலு ஏக்கர் சேர்ந்தால்தான் ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர். அப்படிப் பார்த்தால் ஆண்டை வூட்டு நூறு ஏக்கர் எழுபதாகச் சுருங்குகிறது. நஞ்சைக்கு 60, புஞ்சைக்கு 10.

1961 சட்டம் அஞ்சு பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1960 ஏப்ரல் 6ஆம் தேதி யார் கையில் எவ்வளவு இருந்தது என்பது கணக்கு. ஆனால் உச்சவரம்பு வரப்போகிறது என்ற பேச்சு அதற்குப் பல வருஷம் முன்னமே நாடெல்லாம் அடிபட்டது. பெரியவர் 1959இலேயே மேஜரான ரெண்டு மகன்களுக்கும் ஆளுக்குப் பதினைந்து என்று பாகப்பிரிவினை எழுதி ரிஜிஸ்தர் பண்ணிவிட்டார். மேஜரான மகன் சட்டப்படி தனி ஆள், குடும்பக் கணக்கில் வரமாட்டான். மிச்சம் நாற்பது. அதில் பத்து சம்சாரத்தின் பேரில் இருந்தது. பெண்ணின் சீதன நிலம் பத்து ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆக முப்பதும் பத்தும் நாற்பது. மிகை ஒரு சென்ட்கூட இல்லை. பொய்ப்பத்திரம் ஒன்றும் எழுதவில்லை. சட்டம் விட்ட வழியிலேயே நடந்தார், அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தை 1964இல் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றது. அதே வருஷம் பதினேழாவது திருத்தம் கொண்டுவந்து அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். 1968 டிசம்பரில் வெண்மணியில் நம் சனம் 44 பேரைக் கொளுத்தினார்கள். 1970இல் உச்சவரம்பு முப்பதிலிருந்து பதினைந்தாகக் குறைந்தது. இந்தத் தடவை கணக்குத் தேதி 1970 பிப்ரவரி 15. பெரியவருக்குப் பதினைந்து, சம்சாரத்துக்குப் பத்து. மீதி பதினைந்து முதல் தடவையாக மிகையில் விழுந்தது.

எந்த நிலத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எழுதிக் கொடுக்கிறவர் நிலக்காரர்தான். அவர் விட்டது புஞ்சை நாற்பது ஏக்கரும் ஏரித்தண்ணி எட்டாத கடைமடை நஞ்சை அஞ்சு ஏக்கரும். பத்தும் அஞ்சும் பதினைந்து. கணக்கு சரி. ஆனால் அந்த நாற்பதில் பாதி, கரம்பும் உவரும்.

அதற்கப்புறம் வரைவு அறிக்கை, ஆட்சேபணை, இறுதி அறிக்கை. 1974இல் பதினெட்டாம் பிரிவில் கெஜட் அறிவிப்பு. அது வந்த நாளிலிருந்து நிலம் சர்க்காருடையது. காகிதத்தில் தான். உழுதது ஆண்டை வூட்டு ஏர்தான். ஒன்பது வருஷம் கழித்துத்தான் காலனியில் 28 பேருக்குப் பிரித்து ஆணை கொடுத்தார்கள்.

ஒரு நாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் சர்வேயரும் சங்கிலி கொண்டுவந்து அளந்து கல் நட்டார்கள். அம்மா வெற்றிலைப் பாக்கு வைத்துக் கும்பிட்டதாம். மறுநாள் விடிய அப்பா போய்ப் பார்த்தார். கல்லு இல்லை. பிடுங்கிய குழி மட்டும் வரிசையாக இருந்தது. மனு கொடுக்கப் போனால், "ஸ்டே ஆயிடுச்சுய்யா, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்கள்.

என்ன ஸ்டே, எந்தக் கோர்ட்டு, யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. வழக்கு நிலக்காரருக்கும் சர்க்காருக்கும். நிலம் வாங்கின 28 பேர் அதில் கட்சியே இல்லை. அவர்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க ஆள் இல்லை. நோட்டீஸ் கிடையாது, தீர்ப்பு நகலும் கிடையாது. அப்பா 1989இல் செத்தார். சாகிற வரைக்கும் அந்த மேட்டுவழியாகத்தான் கூலிக்குப் போனார். "அதோ அந்தப் பனைலேர்ந்து நம்மளுது" என்று ஒரு தடவை எனக்குக் காட்டினார். அந்தச் சமயம் அதில் மல்லாட்டை பூத்திருந்தது.

2008இல் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டேன். மூணு காகிதம் கேட்டேன்: கெஜட் அறிவிப்பு, வழக்குத் தீர்ப்பு, நடப்பு அடங்கல். நாலு மாசம் அலைந்து வாங்கினேன்.

வழக்கு இதுதான். மூணாவது மகனும் 1970இல் மேஜர், அவனுக்கும் 1969இலேயே பாகம் ஆகிவிட்டது, ஆகவே அந்தப் பதினைந்து அவனுடையது. ஆதாரம் ஒரு கூர்ச்சீட்டு. ரிஜிஸ்தர் ஆகாத வெறும் எழுத்து. ரிஜிஸ்தர் பத்திரத்தின் தேதியை மாற்ற முடியாது. கூர்ச்சீட்டில் எந்தத் தேதியையும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பையன் பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழில் பிறந்த வருஷம் 1953. கணக்குத் தேதியில் பதினாறு வயசு. சட்டத்தை ஏய்க்க எழுதியது என்று அதிகாரி தள்ளினார். கோர்ட்டும் தள்ளியது. எப்போது? 1991இல்.

பதினேழு வருஷமாக ஸ்டே இல்லை! ஸ்டே இருக்கு என்று சொல்லியே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். தீர்ப்பு ஆபீசுக்கு வந்து கட்டில் கிடந்தது. அடங்கலிலோ சாகுபடி செய்பவர் பத்தியில் இன்னமும் அதே மூணாவது மகன் பேர். அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்கப்பன் உயிரோட இருந்தப்ப தீர்ப்பு ஆவலியே, அதுவரிக்கும் நல்லது" என்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

தீர்ப்பு நகலை வைத்து மறுபடி மனு. 28 பேரில் பதினோரு பேரிடம்தான் ஆணை மிச்சமிருந்தது. மற்றவர்களுடையது கூரை எரிந்ததில், மழையில், வட்டிக்காரனிடம். சில வாரிசுகள் மெட்ராசுக்குப் போய்விட்டார்கள். 2012இல் போலீஸ் நிற்க அளந்து பதினோரு பேரை விட்டார்கள். மிச்சம் பதினேழு பங்கில் நாங்கள் கடைசியாகப் பார்த்தபோது சவுக்கு நின்றது. தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் அந்தப் பதினேழு பேர் பெயரும் இருக்கிறது. அவர்கள் ஆணை நகலை அங்கேயே கேட்டு வாங்க முடியும். அதற்குத்தான் இப்போது ஒவ்வொரு வாரிசாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் ஊர்ச் சேரியிலும் இப்படிப் பெட்டிக்கடியில் காகிதம் இருக்கும். கெஜட் அறிவிப்பில் சர்வே நம்பர் இருக்கிறதா, அடங்கலில் யார் பேர் ஓடுகிறது, ஸ்டே என்று சொன்னால் அதன் வழக்கு எண் என்ன, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்கிற ஸ்டேவை நம்பாதீர்கள்.

அம்மா முதல் வருஷம் மல்லாட்டை போட்டது. உவர் நிலம், பாதிதான் முளைத்தது. பிடுங்கின காயை மடியில் கட்டிக்கொண்டு அந்தப் பனையடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. "தண்ணி வேணும்டா இதுக்கு" என்றது. கிணறு இல்லை. ஏரி மதகு இன்னும் ஊர்த்தெரு கையில்தான் இருக்கிறது.