தாய்பெயில் திறந்து பார்த்த இரண்டு கார்டுகள்

தாய்பெய் மெட்ரோவில் சோங்சியாவ் சின்ஷெங் நிலையத்தில் இறங்கிப் படியேறினால், சில நிமிட நடையில் குவாங்ஹுவா வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் பாலத்தடியில் பழைய புத்தகக் கடைகளோடு இருந்த சந்தை அது. பாலத்தை இடித்த பிறகு 2008-இல் இந்த ஆறு மாடிக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. இப்போது எங்கு திரும்பினாலும் கணினிப் பாகங்கள்தான். சென்னை ரிச்சி தெருவில் வெயிலில் அலைந்து வளர்ந்த எனக்கு, அந்தத் தெருவையே மடித்து மாடி மாடியாக அடுக்கி ஏசி போட்டு வைத்தது போல இருந்தது.

சிஞ்சுவில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கும் தம்பி ஒருவன் எனக்காக ரயிலேறி வந்திருந்தான். சீன மொழி அவனுக்கு நன்றாக வரும். நாங்கள் நின்ற கடையின் பின்சுவர் முழுக்க ஒரே கிராபிக்ஸ் கார்டின் பெட்டிகள். எல்லாவற்றிலும் ஆர்டிஎக்ஸ் 4070 என்றே அச்சிட்டிருந்தது. ஒன்று செங்கல் அளவு. இன்னொன்று ஒன்றரைச் செங்கல். விலையும் அதற்கேற்ப ஏறிக்கொண்டே போனது.

“அண்ணே, எல்லாத்துக்குள்ளயும் இருக்கறது ஒரே சிப்தான். அப்புறம் ஏன் இத்தனை விலைன்னு இவங்கக்கிட்டயே கேப்போம்” என்றான்.

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. எங்களை மேல்மாடியில் பழுது பார்க்கும் ஒருவரிடம் அனுப்பி வைத்தார். என் பயணத்தின் மிகச் சிறந்த இரண்டு மணி நேரம் அங்கேதான் கழிந்தது.

அந்த ஒரே சிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏடி104 என்று பெயர். 295 சதுர மில்லிமீட்டருக்குள், அதாவது சிறிய அஞ்சல்தலை ஒன்றின் இடத்துக்குள், ஏறக்குறைய 3,580 கோடி டிரான்சிஸ்டர்கள். வடிவமைத்தது என்விடியா, வார்த்தது தைவானின் டிஎஸ்எம்சி. என்விடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜென்சன் ஹுவாங் இதே தீவில் பிறந்தவர். சிப்பையும் நினைவகத்தையும் வாங்கி, அவற்றுக்குப் பலகையும் ஹீட்சிங்க்கும் ஃபேனும் சேர்த்துக் கார்டாக்கி விற்பவர்கள் வேறு நிறுவனங்கள். அசூஸ் தாய்பெய் நகரின் வடக்கே பெய்தோவில் இருக்கிறது, எம்எஸ்ஐ தெற்கே சோங்ஹேயில், கிகாபைட் சின்தியனில். மூன்றுமே தாய்பெய் மெட்ரோ போய்ச் சேரும் பகுதிகள். உலகத்து மேசைகளில் போட்டி போடும் பெட்டிகள் ஒரே மெட்ரோ வரைபடத்துக்குள்ளிருந்து கிளம்புகின்றன என்ற நினைப்பே எனக்குத் தாங்க முடியாத வியப்பாக இருந்தது.

பழுது பார்ப்பவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். மேசையில் இரண்டு 4070 கார்டுகளை வைத்தார். ஒன்றில் இரண்டு ஃபேன், எடை குறைவு. மற்றதில் மூன்று ஃபேன். கையில் எடுத்தால் இரும்புத் தோசைக்கல் போலக் கனத்தது. இரண்டின் ஹீட்சிங்க்கையும் கழற்றினார். உள்ளே பலகையில் அதே சிப், அதே ஆறு நினைவகச் சில்லுகள். முழு வித்தியாசமும் கழற்றி வைத்த உலோகத்தில் இருந்தது.

அவரிடம் குறுக்கே அறுத்த ஒரு ஹீட் பைப் துண்டு இருந்தது. ஹீட்சிங்க்கின் ஊடே ஓடும் செம்புக் குழாய் அது. நான் அதைக் கெட்டியான செம்புக் கம்பி என்றே நினைத்திருந்தேன். பென்சில் பருமனுக்கும் குறைவான அந்தக் குழாயின் உட்சுவரில், ஈர மணலை அப்பிக் காயவிட்டது போலச் செம்புத் துகள்கள் படிந்திருந்தன. குழாய்க்குள் காற்றை உறிஞ்சிவிட்டு மிகக் கொஞ்சம் தண்ணீரை வைத்து மூடிவிடுகிறார்கள். காற்றழுத்தம் இல்லாததால் சிப்பின் மிதமான சூட்டிலேயே அது ஆவியாகிறது. ஆவி குழாயின் குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே சூட்டை அலுமினியத் தகடுகளுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகிறது. அந்த நீரைத் திரி எண்ணெயை இழுப்பது போலச் செம்புத் துகள் படிவம் சிப்பின் பக்கம் இழுத்து வருகிறது. கார்டு ஓடும் நேரமெல்லாம் இந்தச் சுழற்சி நடக்கிறது. சிறிய கார்டில் இந்தக் குழாய்களும் குறைவு, தகடுகளின் பரப்பும் குறைவு.

பிறகு கார்டுகளுக்குப் புது பேஸ்ட் தடவி மூடி, திறந்த மேசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினார். இரண்டுக்கும் மின்வரம்பு 200 வாட்தான். அறை 27 டிகிரி. இருபது நிமிட முழுச் சுமைக்குப் பின் இரட்டை ஃபேன் கார்டு 70 டிகிரியில் நின்றது. ஃபேன் நிமிடத்துக்கு 1,900 சுற்று. மூன்று ஃபேன் கார்டு 58 டிகிரி, 1,300 சுற்று. திரையில் அவர் போட்டிருந்த கட்டளை இதுதான். என்விடியா டிரைவர் இருக்கும் எந்தக் கணினியிலும் ஓடும்:

```
nvidia-smi --query-gpu=clocks.gr,temperature.gpu,power.draw,fan.speed --format=csv -l 1
```

ஒவ்வொரு நொடியும் வேகம், வெப்பம், மின்சாரம், ஃபேன் ஆகிய நான்கும் ஒரு வரியாக வந்துகொண்டிருந்தன. இதில் ஃபேன் சதவீதமாகத்தான் வரும். சுற்று எண்ணிக்கையை GPU-Z காட்டும்.

வேகத்தைப் பார்த்ததும்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிறியது 2,700 மெகாஹெர்ட்ஸ், பெரியது 2,745. வித்தியாசம் இரண்டு சதவீதம்கூட இல்லை. விளையாட்டில் 100 ஃபிரேம் கிடைக்கும் இடத்தில் பெரியதில் ஒன்றோ இரண்டோ கூடும், கண்ணுக்குத் தெரியாது. பெட்டியில் என்விடியா சொல்லும் அடிப்படை பூஸ்ட் 2,475. நிறுவனங்கள் தங்கள் உயர்ரகக் கார்டுகளில் 2,600-ஐத் தொட்டு எழுதுகின்றன. பார்த்தால் ஐந்து சதவீதம் கூடுதல் போலத் தெரியும். ஆனால் மின்வரம்பு, மின்னழுத்தம், வெப்பம் மூன்றும் இடம் கொடுக்கும்வரை சிப் தானாகவே அந்த எண்ணைத் தாண்டி ஏறிக்கொள்கிறது. வெப்பம் சில டிகிரி கூடும்போதெல்லாம் 15 மெகாஹெர்ட்ஸ் படியாக இறங்குகிறது. குளிர்ந்த கார்டு வேகமாக ஓடுவது இதனால்தான். கூடுதல் அவ்வளவு கொஞ்சமாக இருப்பதும் இதனால்தான். ஒரே வார்ப்பில் வந்த சிப்களுக்குள்ளும் ஒன்று குறைந்த மின்னழுத்தத்தில் உயர் வேகம் காட்டும், இன்னொன்றுக்குக் கூடுதலாக வேண்டும். ஆகவே ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலில் இரண்டை வாங்கினாலும் இந்த ஒரு சதவீதம் மாறக்கூடும்.

சத்தம் அப்படியல்ல. ஃபேனின் வேகம் கூடக்கூட ஓசை மிக வேகமாக ஏறும். 1,300 சுற்றிலிருந்து 1,900-க்குப் போனால், ஒரே ஃபேனில் ஏறக்குறைய 8 டெசிபெல் கூடும். 10 டெசிபெல் கூடினால் காதுக்கு இருமடங்கு போலக் கேட்கும் என்பார்கள். ஆக வேகத்தில் ஒன்றுமில்லாத வித்தியாசம், ஓசையில் பெரிதாகவே கேட்கிறது.

அடுத்து அவர் செய்ததை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. பெரிய கார்டின் ஃபேனைக் கையால் கட்டுப்படுத்தி, அதுவும் 70 டிகிரிக்கு வரும்வரை குறைத்துக்கொண்டே போனார். 800 சுற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. காதை அருகில் கொண்டுபோனாலும் காற்றின் முனகல் மட்டும்தான். “இப்பதான் சரியான ஒப்பீடுங்கறார்” என்றான் தம்பி. ஒன்றை நிலையாகப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பார்க்க வேண்டும். வெப்பத்தைச் சமமாக்கினால் சத்தம் உண்மையைச் சொல்லும். சத்தத்தைச் சமமாக்கினால் வெப்பம் சொல்லும். இரண்டையும் கட்டவிழ்த்துவிட்டு வெப்ப எண்ணை மட்டும் போட்டால், ஃபேனை அலற வைத்தே எந்தச் சிறிய கார்டும் நல்ல பெயர் வாங்கிவிடும். எந்த வெப்பத்துக்கு எத்தனை சுற்று என்பதை நிறுவனம்தான் கார்டின் பயாஸில் எழுதி வைக்கிறது. சில கார்டுகளின் விளிம்பில் அமைதி, வேகம் என இரண்டு பயாஸுக்கு ஒரு குட்டி சுவிட்சே இருக்கிறது. வாங்கியவர்களில் பலர் அதைத் தொட்டதே இல்லை.

எல்லாம் வடிவமைப்பு மட்டும் இல்லை என்பதற்கு அவர் மூலையில் கிடந்த மற்றொரு கார்டைக் காட்டினார். நல்ல கனமான ஹீட்சிங்க். ஆனால் சிப்பின் சராசரி வெப்பம் 72, அதிலேயே மிகச் சூடான புள்ளி 104. இந்த இடைவெளி வழக்கமாகப் பத்து, பதினைந்து டிகிரிதான் இருக்கும். முப்பதைத் தொட்டால் ஹீட்சிங்க் ஒரு பக்கம் சரியாக அமரவில்லை, அல்லது பேஸ்ட் விலகிவிட்டது என்று பொருள். நான்கு திருகுகளைக் குறுக்கு வரிசையில் மாற்றி மாற்றி இறுக்கி ஓட்டியதும் சூடான புள்ளி 88-க்கு இறங்கியது. அந்தக் கார்டைச் செய்தவர் யாரானாலும் குற்றம் அவருடைய வடிவமைப்பில் இல்லை. ஒரு திருகில் இருந்தது.

கிளம்பும்போது ஒரு சந்தேகம் கேட்டேன். பெரிய கார்டு வாங்கினால் என் அறை கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்குமா? அவர் தலையை அழுத்தமாக ஆட்டி மறுத்தார். இரண்டும் 200 வாட். அந்த 200 வாட்டும் கடைசியில் அறைக்குள்தான் வரும். குளிர்ந்த கார்டு சிப்பைத்தான் குளிர வைக்கும், அறையை அல்ல.

அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சிறிய கார்டு அறையைவிட 43 டிகிரி மேலே, பெரியது 31 டிகிரி மேலே. ஃபேன் வேகம் மாறாவிட்டால் இந்த ஏற்றமும் மாறாது. இணையத்தில் நாம் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் 22 டிகிரி போலக் குளிர்ந்த அறைகளில் நடப்பவை. மே மாதம் மதுரையில் என் அறை 36. சோதனையில் 65 காட்டும் சிறிய கார்டு என் மேசையில் 79-க்குப் போகப் பார்க்கும். அதைத் தடுக்க ஃபேன் இன்னும் கத்தும். பெரிய உலோகத்துக்குக் கொடுக்கும் பணம் அங்கே ஆடம்பரமாக இருக்கலாம், இங்கே இல்லை. அதே நேரம், உயர்ரக 4070-இன் விலை 4070 டிஐ-யை நெருங்கிவிட்டால் டிஐ-யையே எடுங்கள். அதில் 5,888 கோர்களுக்குப் பதில் 7,680 கோர்கள் இருக்கின்றன. எந்த ஹீட்சிங்க்காலும் ஈடுகட்ட முடியாத வேறுபாடு அது.

எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும், சோதனை எண்களைப் படிக்கும்போது அறை எத்தனை டிகிரி, ஃபேன் எத்தனை சுற்று என்ற இரண்டையும் தேடுங்கள். பிறகு உங்கள் ஊர் கோடையின் டிகிரியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.